சந்தா பணம் வரவில்லையா? அடுத்த முயற்சியை எந்த நாளில் வைப்பது: முழுமையான வழிகாட்டி

மாதம் 499 ரூபாய் சந்தா. 24ஆம் தேதி வாடிக்கையாளரின் டெபிட் கார்டில் பணம் எடுக்க உங்கள் பில்லிங் மென்பொருள் முயன்றது. கணக்கில் பணம் போதவில்லை என்று வங்கி மறுத்துவிட்டது. 25, 27, 29 தேதிகளில் மீண்டும் முயன்றது; மூன்றும் தோல்வி. 29ஆம் தேதி இரவு சந்தா தானாக ரத்தானது. அவருக்குச் சம்பளம் வந்தது 1ஆம் தேதி காலையில்.

இந்த வாடிக்கையாளர் உங்களை விட்டுப் போக நினைக்கவே இல்லை. முதல் தோல்விக்குப் பின் 1, 3, 5 நாட்களில் முயல வேண்டும் என்று ஆரம்பத்தில் யாரோ வைத்த அமைப்புதான் அவரை வெளியேற்றியது. அந்த அமைப்பை எப்படிச் சரிசெய்வது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு இதே 499 ரூபாய் சந்தாவையே கடைசி வரை வைத்துக்கொள்கிறேன்.

## ஏன் உடனே உடனே முயலக்கூடாது

ஒவ்வொரு மறுமுயற்சியும் வங்கியிடம் புதிதாகக் கேட்கும் கேள்வி. போன முறை ‘இல்லை’ என்று சொன்ன காரணம் இன்னும் அப்படியே இருந்தால், பதிலும் அப்படியேதான் இருக்கும். பணம் இல்லாத கணக்கில் ஒரு மணி நேரம் கழித்துப் பணம் இருப்பது அபூர்வம். ஒரு வாரம் கழித்து இருப்பது சகஜம். வங்கியின் சர்வர் நின்றுபோயிருந்தால் கதை தலைகீழ்: ஒரு மணி நேரத்தில் எழுந்திருக்கும், அதற்காக ஒரு வாரம் காத்திருப்பது வீண். ஆக, இடைவெளியின் நீளத்தைத் தீர்மானிப்பது மறுப்பின் காரணம். முதலில் மனதில் நிறுத்த வேண்டியது இதுதான்.

அவசரப்பட்டு முயல்வதற்கு விலையும் உண்டு. ஒரே வணிகர் ஒரே கார்டில் திரும்பத் திரும்பத் தட்டினால், திருடிய கார்டு எண்களைச் சோதிப்பவர்களின் நடவடிக்கை போலவே அது வங்கியின் மோசடித் தடுப்பு அமைப்புக்குத் தெரியும். சந்தேகம் உங்கள் வணிகக் கணக்கின் மீது விழுந்தால், நல்ல கார்டுகளில் வரும் முதல் முயற்சிகள்கூட மறுக்கப்படலாம்.

கார்டு நெட்வொர்க்குகளும் வரம்பு வைத்திருக்கின்றன. விசாவில் ஒரே கார்டில் ஒரே தொகைக்கு 30 நாட்களில் 15 மறுமுயற்சிகள் வரைதான். அதைத் தாண்டினால் கட்டணம் விழும். தொலைந்த கார்டு, திருட்டுக் கார்டு, மூடப்பட்ட கணக்கு போன்ற சில மறுப்புகளுக்குப் பின் ஒரு முறைகூட மீண்டும் முயலக்கூடாது. மாஸ்டர்கார்டு இன்னும் வெளிப்படையாகப் பேசும். மறுக்கும்போதே ஓர் ஆலோசனைக் குறியீட்டையும் சேர்த்து அனுப்பும்: `03` வந்தால் இனி முயலாதே, `24` வந்தால் ஒரு மணி நேரம் கழித்து, `25` வந்தால் 24 மணி நேரம் கழித்து, `26` வந்தால் 2 நாள், `30` வந்தால் 10 நாள். எப்போது வரலாம் என்று வங்கித் தரப்பே சொல்லும் இந்தத் தகவலை, உங்களுக்கும் வங்கிக்கும் நடுவில் பணப் பரிமாற்றத்தை நடத்தித் தரும் கேட்வேயிலிருந்து வாங்கிச் சேமிக்காமல் விட்டுவிடுவது பெரிய இழப்பு.

வாடிக்கையாளர் பக்கத்தையும் பாருங்கள். முயற்சி தோற்கும்போது பல வங்கிகள் அவருக்கு எஸ்எம்எஸ் அனுப்புகின்றன. மாதக் கடைசியில், கையில் பணம் இல்லாத நேரத்தில், ஆறு நாளில் நாலு முறை உங்கள் நிறுவனத்தின் பெயரோடு அந்தச் செய்தி வந்தால் அவர் என்ன செய்வார்? வங்கிச் செயலியைத் திறந்து ஆட்டோபேயை நிறுத்திவிடுவார். அப்புறம் 1ஆம் தேதி சம்பளம் வந்தாலும் உங்களால் எடுக்க முடியாது.

## படி 1: தோல்விகளைக் காரணத்தின்படி பிரியுங்கள்

பில்லிங் மென்பொருள் எல்லாவற்றையும் ‘தோல்வி’ என்ற ஒரே வார்த்தையில் காட்டினாலும், அடியில் வங்கி தந்த குறியீடு இருக்கும். கார்டுகளில் `51` என்றால் பணம் போதவில்லை, `91` என்றால் வங்கி இணைப்பில் இல்லை, `54` என்றால் கார்டு காலாவதி, `41` தொலைந்தது, `43` திருடப்பட்டது. யுபிஐயில் பணம் போதாததற்கு `Z9`. சில கேட்வேகள் இவற்றை `insufficient_funds` போன்ற தங்கள் சொந்தப் பெயரால் தரும். எதுவானாலும் அந்த அசல் மதிப்பை ஒவ்வொரு முயற்சியோடும் தனி நெடுவரிசையில் சேமியுங்கள்.

கடந்த சில மாதங்களின் முதல் தோல்விகளை மட்டும் எடுத்து இப்படிப் பார்க்கலாம்:

```sql
SELECT decline_code,
       EXTRACT(DAY FROM failed_at) AS day,
       COUNT(*) AS n
FROM payment_attempts
WHERE attempt_no = 1 AND status = 'failed'
  AND failed_at >= CURRENT_DATE - INTERVAL '3' MONTH
GROUP BY 1, 2
ORDER BY n DESC;
```

வரும் வரிசைகளை மூன்று கூடைகளாகப் பிரியுங்கள். முதல் கூடை, வங்கி அல்லது இணைப்புக் கோளாறு. சில மணி நேரத்தில் மறுமுயற்சி. இரண்டாவது, பணம் போதாமை, தினசரி வரம்பு தாண்டியது போன்றவை. இவற்றுக்கு நாள் கணக்கில் இடைவெளி. மூன்றாவது, கார்டு செத்துவிட்டது அல்லது வாடிக்கையாளரே அனுமதியை ரத்து செய்துவிட்டார்; இங்கே மறுமுயற்சியே கிடையாது. புதிய கார்டைச் சேர்க்கவோ வேறு வழியில் கட்டவோ சொல்லி லிங்க் அனுப்புவதுதான் ஒரே வழி.

குழப்பும் குறியீடு ஒன்று உண்டு: `05`. காரணம் சொல்லாமல் வங்கி மறுக்கும் பொதுக் குறியீடு அது. பணம் இல்லாததும் அதில் ஒளிந்திருக்கலாம், மோசடிச் சந்தேகமும் இருக்கலாம். இதை இரண்டாவது கூடையில் வைத்து, முயற்சிகளின் எண்ணிக்கையை மட்டும் குறைத்துவிடுவது என் பரிந்துரை.

முதல் கூடையில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பதிலே வராமல் போன முயற்சியைத் தோல்வி என்று எண்ணிவிடாதீர்கள். பணம் போயிருக்கும், பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கும். அந்த நிலையில் மீண்டும் முயன்றால் இரண்டு முறை பணம் எடுத்துவிடுவீர்கள். பதில் வராத ஒவ்வொன்றுக்கும் முதலில் கேட்வேயிடம் நிலையைக் கேளுங்கள்; அது தோல்வி என்று உறுதியான பின்புதான் அடுத்தது. கேட்வே அனுமதித்தால், பதில் வராத கோரிக்கையைத் திரும்ப அனுப்பும்போது அதே `idempotency_key` மதிப்பையே அனுப்புங்கள். முந்தையது வெற்றியாகியிருந்தால் இரண்டாவது முறை பணம் எடுக்காமல் பழைய பதிலே திரும்பி வரும்.

## படி 2: பணம் எந்த நாளில் வருகிறது என்று பாருங்கள்

இனி பேசுவது இரண்டாவது கூடையைப் பற்றி மட்டும். உழைப்புக்குப் பலன் கிடைப்பது அங்கேதான்.

ஆயத்த அட்டவணைகள் ‘தோல்விக்குப் பின் இத்தனை நாள்’ என்று எண்ணுகின்றன. ஆனால் சம்பளம் வாங்குபவரின் கணக்கு நிரம்புவது நாட்காட்டித் தேதியைப் பொறுத்தது. இந்தியாவில் மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு. பல நிறுவனங்கள் மாதக் கடைசி நாளிலோ 1ஆம் தேதியிலோ போட்டுவிடும். தாமதமாகப் போடுபவர்கள் 7ஐ ஒட்டி வருவார்கள். பணம் வந்த கையோடு வாடகை போகும், 5ஆம் தேதியை ஒட்டிப் பலருக்கு இஎம்ஐ போகும். உங்கள் 499 ரூபாய்க்கு இடம் இருப்பது இந்த வரவுக்கும் செலவுக்கும் நடுவில்.

இதை என் சொல்லை நம்பிச் செய்ய வேண்டாம், உங்கள் தரவிலேயே தெரியும். மேலே உள்ள வினவலில் பணம் போதாத தோல்விகள் எந்தத் தேதிகளில் குவிகின்றன என்று பாருங்கள். பிறகு அதே `payment_attempts` அட்டவணையில், மறுமுயற்சி வெற்றி பெற்ற தேதிகளை மட்டும் எண்ணுங்கள். மாணவர்களுக்கும் கூலித் தொழிலாளர்களுக்கும் சேவை தருபவர் என்றால் இந்தப் படம் முற்றிலும் மாறிவிடும். சனிக்கிழமைச் சம்பளம் வாங்குபவருக்கு மாதத் தேதியைவிட வாரத்தின் நாளே முக்கியம். அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் விற்கும் சென்னை, கோவை நிறுவனங்கள் அங்கே இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமையில் சம்பளம் வரும் வழக்கத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

நேர மண்டலத்தையும் மறக்க வேண்டாம். இங்கே வெள்ளி காலை 9 மணிக்கு ஓடும் வேலை, கலிஃபோர்னியாவில் இருப்பவருக்கு இன்னும் வியாழன் இரவு. சம்பளம் விழுவதற்குச் சில மணி நேரம் முன்பே முயன்று தோற்றுவிடுவீர்கள். அட்டவணையை வாடிக்கையாளரின் உள்ளூர் நேரத்தில் வையுங்கள்.

## படி 3: அட்டவணையைத் திருத்துங்கள்

சரி, 24ஆம் தேதி `51` குறியீட்டோடு தோற்ற நம் 499 ரூபாய்க்கு வருவோம். பழைய அட்டவணை 25, 27, 29. அதை 25, 1, 4, 8 என்று மாற்றுகிறோம்.

25ஐ ஏன் விட்டுவைத்தோம்? இரண்டு வங்கிக் கணக்கு வைத்திருப்பவர், செய்தியைப் பார்த்ததும் இன்னொன்றிலிருந்து மாற்றிப் போடுவார். அவருக்காக ஒரு முயற்சி. அதன் பிறகு 1ஆம் தேதி வரை அமைதி. இந்த ஆறு நாள் மௌனம்தான் திருத்தத்தின் உயிர்நாடி. பழைய அமைப்பு வீணடித்த இரண்டு முயற்சிகள் இங்கே மிச்சமாகின்றன. 1ஆம் தேதி, முதல் சம்பள அலைக்கு. 4ஆம் தேதி, இஎம்ஐ போவதற்கு முன். 8ஆம் தேதி, 7ஆம் தேதிச் சம்பளக்காரர்களுக்கு. மொத்தம் நான்கு மறுமுயற்சிகள், 15 நாள் காலம். விசாவின் வரம்புக்கு அருகில்கூட வரவில்லை.

இதே வாடிக்கையாளரின் பில் தேதி 10 ஆக இருந்தால் என்ன செய்வது? அடுத்த சம்பளத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது. பணம் கட்டாமல் அவ்வளவு நாள் சேவையைத் திறந்து வைப்பதா என்பது உங்கள் செலவைப் பொறுத்தது. மென்பொருளோ பாடக் காணொளியோ என்றால் கூடுதலாக ஒருவரைத் தாங்க உங்களுக்கு ஆகும் செலவு சொற்பம், காத்திருக்கலாம். வீட்டுக்குப் பால் போடுபவரால் அது முடியாது. காத்திருக்க முடியாதவர்கள் 11, 13, 17 என்று முயன்றுவிட்டு, சேவையை ‘நிறுத்தி வைத்த’ நிலைக்கு மாற்றி, 1ஆம் தேதி கடைசியாக ஒரு முறை முயலலாம். ரத்து செய்வதற்கும் நிறுத்தி வைப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு: ரத்தானவர் திரும்ப வர எல்லாவற்றையும் முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டும்.

கருவிகளைப் பொறுத்தவரை, ஸ்ட்ரைப்பில் இரண்டு வழிகள். அதன் ஸ்மார்ட் ரீட்ரைஸ் வசதி, தன்னிடம் உள்ள தரவை வைத்துத் தானே நேரத்தைத் தேர்ந்தெடுக்கும். இரண்டு வாரத்துக்குள் 8 முயற்சிகள் என்பது அவர்கள் பரிந்துரைக்கும் அமைப்பு. இன்னொன்று, நீங்களே நாட்களைக் குறிப்பது. அதில் மூன்று மறுமுயற்சிகள்தான் வைக்க முடியும், அதுவும் முந்தைய முயற்சியிலிருந்து இத்தனை நாள் என்றுதான் எண்ணும். நாட்காட்டித் தேதியில் முயல வேண்டுமானால் தானியங்கி முயற்சியை நிறுத்திவிட்டு, `invoice.payment_failed` நிகழ்வைக் கேட்டு உங்கள் நிரலிலிருந்தே அழைக்க வேண்டும். இரண்டையும் ஒருசேர ஓடவிட்டுவிட்டால் ஒரே நாளில் இரண்டு முயற்சிகள் போகும். அப்படி நடக்கிறதா என்று முதல் வாரம் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

## படி 4: யுபிஐ ஆட்டோபே, இசிஎஸ் என்றால் கணக்கே வேறு

இந்தியாவில் கார்டிலும் யுபிஐயிலும் தானாகப் பணம் எடுக்க, குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் வாடிக்கையாளருக்கு அறிவிப்பு போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வேறொரு நாளுக்குத் தள்ளிய முயற்சிக்குப் புதிய அறிவிப்பை யார் அனுப்புகிறார்கள், நீங்களா கேட்வேயா என்பதை அட்டவணை போடும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

யுபிஐ ஆட்டோபேயில் ஒரு முதல் முயற்சியும் மூன்று மறுமுயற்சிகளும்தான். 2025 ஆகஸ்ட் 1 முதல், நெரிசல் நேரமான காலை 10 முதல் 1 மணி வரையும் மாலை 5 முதல் இரவு 9.30 வரையும் இவை ஓடக்கூடாது என்று யுபிஐயை நடத்தும் என்பிசிஐ விதி வைத்திருக்கிறது. ஆக கையில் நான்கே தோட்டாக்கள். மேலும், தானாகப் பணம் எடுக்க வாடிக்கையாளர் தரும் அனுமதியான மேண்டேட்டைப் போடும்போதே அதில் எந்தக் கால இடைவெளி, எந்தத் தேதி விதி என்று குறித்திருப்பீர்கள். குறிப்பிட்ட தேதியில் மட்டும் என்று போட்ட மேண்டேட்டில் 1ஆம் தேதிக்குத் தள்ளும் சுதந்திரம் கிடைக்காது. அதனால் யுபிஐயில் மறுமுயற்சியைச் சரிசெய்வது முதல் முயற்சியின் தேதியிலேயே தொடங்குகிறது. சந்தா சேரும் நாளில் ‘எந்தத் தேதியில் எடுக்கலாம்?’ என்று கேட்டு, 2, 3, 4ஆம் தேதிகளை முன்னால் காட்டுங்கள். சேர்ந்த நாளிலிருந்து அந்தத் தேதி வரைக்கான தொகையை மட்டும் முதலில் வாங்கிக்கொள்ளலாம்.

வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் எடுக்கும், பலர் இன்னும் இசிஎஸ் என்றே சொல்லும் நாச் முறையில் கூடுதல் கவனம் தேவை. அங்கே பணம் இல்லாமல் திரும்பினால், வாடிக்கையாளரின் வங்கி அவரிடமே அபராதம் பிடிக்கும். அது உங்கள் சந்தாவுக்கு நிகராகவோ கூடவோ இருக்கலாம். 499 ரூபாய்க்காக அவரை இரண்டு முறை அபராதம் கட்ட வைப்பது அநியாயம். என் கருத்தில், சிறு தொகைகளுக்கு நாச்சில் சம்பளத்துக்குப் பின் ஒரே ஒரு மறுமுயற்சி போதும், மீதிக்கு லிங்க். அமெரிக்காவில் இதே வகையான ஏசிஎச் முறையில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள்: பணமின்றித் திரும்பியதை, முதல் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் அதிகபட்சம் இரண்டு முறைதான் மீண்டும் அனுப்பலாம்.

## படி 5: மௌன நாட்களில் செய்தி

மறுமுயற்சி இல்லாத நாட்கள்தான் பேச ஏற்றவை. 24ஆம் தேதி தோல்வி தெரிந்ததும் ஒரு வாட்ஸ்ஆப் செய்தியோ மின்னஞ்சலோ போதும்: “இந்த மாதச் சந்தா 499 ரூபாயை எடுக்க முடியவில்லை. உங்கள் கணக்கு வழக்கம்போல் இயங்கும். 25ஆம் தேதியும், தேவைப்பட்டால் 1ஆம் தேதியும் மீண்டும் முயல்வோம். இப்போதே கட்ட விரும்பினால் இந்த லிங்க்.” எப்போது முயல்வீர்கள் என்பதைத் தேதியோடு சொல்லுங்கள், அந்தத் தேதியில் பணம் இருக்கும்படி பார்த்துக்கொள்ள அவருக்கு வாய்ப்புக் கிடைக்கும். ‘கடைசி எச்சரிக்கை’ போன்ற தலைப்புகளை முதல் செய்தியிலேயே போடாதீர்கள்.

லிங்க் வழியாக அவரே கட்டிவிட்டால் காத்திருக்கும் முயற்சிகள் எல்லாம் அந்த நொடியே ரத்தாக வேண்டும். கைமுறையாகக் கட்டியவரிடம் 1ஆம் தேதி மீண்டும் எடுத்துவிட்டால், பணத்தைத் திருப்பித் தந்தாலும் நம்பிக்கை திரும்பாது. நேரடியாக நிரலில் சோதிக்க வேண்டிய இடம் இது: ஒவ்வொரு முயற்சிக்கும் சற்று முன்பு, பில் இன்னும் பாக்கியா என்று பார்க்கும் ஒரு வரி கட்டாயம்.

## படி 6: மாற்றம் பலன் தந்ததா என்று எப்படித் தெரியும்

எல்லோருக்கும் ஒரே நாளில் அட்டவணையை மாற்றிவிட்டால், அந்த மாதம் வசூல் கூடியதற்குத் தீபாவளி போனஸ் காரணமா உங்கள் அட்டவணை காரணமா என்று சொல்ல முடியாது. வாடிக்கையாளர் எண் ஒற்றைப்படை என்றால் பழையது, இரட்டைப்படை என்றால் புதியது என்று பிரியுங்கள். பணம் போதாமல் தோற்ற பில்களை மட்டும் ஒப்பிடுங்கள். முதல் தோல்வியிலிருந்து 30ஆம் நாளில் எத்தனை பில்கள் கட்டப்பட்டிருந்தன என்பதுதான் அளவுகோல். லிங்க் வழியாக வந்ததையும் சேர்த்தே எண்ண வேண்டும். இல்லாவிட்டால் அவரே கட்டவிருந்த பணத்தை மறுமுயற்சி பிடித்துக்கொண்டு வந்ததாகக் காட்டி உங்களை ஏமாற்றும்.

‘ஒரு முயற்சிக்கு எத்தனை வெற்றி’ என்ற விகிதத்தையும் நம்ப வேண்டாம். கடைசியாக ஒரு முயற்சியைச் சேர்த்தால், அதுவரை கட்ட முடியாதவர்கள்தான் மிச்சம் என்பதால் அந்த விகிதம் குறையும். ஆனால் மொத்தமாக வசூலான பில்கள் கூடியிருக்கும்.

எண்களைக் கற்பனையாக வைத்துப் பார்ப்போம். இரண்டு பக்கமும் 100 பில்கள். பழையதில் 44 வசூல், புதியதில் 58. 14 என்பது கவனிக்கத்தக்க வேறுபாடு, இன்னொரு மாதம் ஓட்டி உறுதிசெய்யலாம். 44க்கு 49 என்றால் அவ்வளவு சிறிய குழுவில் அது வெறும் தற்செயலாகவே இருக்கலாம்; மூன்று நான்கு மாதப் பில்களைச் சேர்த்த பிறகு முடிவெடுங்கள். கூடவே, ஆட்டோபேயை ரத்து செய்தவர்கள், பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் எண்ணிக்கையையும் இரு பக்கமும் பாருங்கள். வசூல் கூடி ரத்தும் கூடியிருந்தால் முயற்சிகள் அதிகம் என்று பொருள். முதலில் வெட்ட வேண்டியது எந்தத் தேதி என்பதை, மிகக் குறைவாக வெற்றி தந்த முயற்சி காட்டிவிடும்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. 24ஆம் தேதி பில் 4ஆம் தேதி வசூலாகிவிட்டது; அடுத்த பில் மறுபடியும் 24ஆம் தேதியிலேயே வந்து நின்றால் அடுத்த மாதமும் இதே சுற்றுதான். இரண்டு மாதம் தொடர்ந்து இப்படி ஆனவர்களைத் தனியாக எடுத்து, “இனி ஒவ்வொரு மாதமும் 3ஆம் தேதி எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேளுங்கள். அவர் சரி என்றால் இடைப்பட்ட நாட்களுக்கான தொகையை ஒரு முறை கணக்கில் சரிக்கட்டிவிட்டு, பில் தேதியை மாற்றுங்கள். யுபிஐ என்றால் புதிய மேண்டேட்டுக்கு அவர் ஒரு முறை ஒப்புதல் தர வேண்டியிருக்கலாம். 4ஆம் தேதி பணம் வந்ததற்கான ரசீதோடு அந்த ஒப்புதல் லிங்க்கையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.